4:12-இல் ஒலிக்கும் அந்தப் பியானோ: பெயர் போடாத காணொளியின் இசையைக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சின்ன அறையில் கலியாண வீடியோக்களை எடிட் செய்வது என் வேலை. போன மாதம் ஒரு மணப்பெண் யூடியூப் காணொளி ஒன்றின் இணைப்பை அனுப்பி, "அண்ணா, இதில 4:12-இல வாற பியானோவைத்தான் எங்கட ஹைலைட்டுக்குப் போடோணும்" என்றார். கோட்டையிலிருந்து கல்கிசை வரை கடலோரமாகப் போகும் ரயிலை ஜன்னலோரத்தில் இருந்து எடுத்த ஏழு நிமிடக் காணொளி. பம்பலப்பிட்டி தாண்டியதும் பேச்சு ஓயும் நேரத்தில் மெதுவான பியானோ ஒன்று தொடங்குகிறது. அடியில் மெல்லிய தாளம். டிஸ்கிரிப்ஷனில் கெமராவின் பெயர் இருந்தது, லென்ஸின் பெயர் இருந்தது. இசையின் பெயர் மட்டும் இல்லை.

ஒலிக்கும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியைப் பிடித்துப் பார்த்தேன். ரயில் சத்தத்துக்குள் அது ஒன்றையும் கண்டுகொள்ளவில்லை. அதன் பிறகு செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதற்குத் தேவையானவை ஒரு போன், ஒரு யூடியூப் கணக்கு, கொஞ்சம் பொறுமை. கணினி இருந்தால் வேலை சுலபம்.

முதலில் விநாடியைக் குறியுங்கள்

ஒரு காணொளியில் ஒரே இசைதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஏழு நிமிடத்துக்குள் மூன்று நான்கு துண்டுகள் மாறலாம். நீங்கள் தேடுவது எந்த விநாடியில் தொடங்கி எதில் முடிகிறது, அதற்குள் யாரும் பேசாத பகுதி எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: இசை 4:12 முதல் 5:31 வரை, பேச்சு இல்லாத பகுதி 4:18 முதல் 5:03 வரை, 4:40-இல் ரயில் ஹோர்ன். கொமெண்ட்டில் தேடும்போதும், பிறகு கிளிப் வெட்டும்போதும், கடைசியில் கிடைத்த இசை சரிதானா என்று ஒப்பிடும்போதும் இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்து டிஸ்கிரிப்ஷனை முழுதாக விரித்து அடிவரை போய்ப் பாருங்கள். யூடியூப்பே அடையாளம் கண்ட பாட்டாக இருந்தால் அங்கே `Music` என்ற தலைப்பின் கீழ் பாட்டின் பெயரும் கலைஞரின் பெயரும் வரும். இதைக் காணொளி போட்டவர் எழுதுவதில்லை. இசையின் உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் மூலப் பதிவுகளோடு ஒவ்வொரு காணொளியின் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கன்டென்ட் ஐடி என்ற முறை 2007 முதல் யூடியூப்பில் இருக்கிறது. அது கண்ட பொருத்தத்தைத்தான் அந்தப் பெட்டி காட்டுகிறது.

எங்கள் ரயில் காணொளியில் அந்தப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாவிட்டால் அந்த இசை கன்டென்ட் ஐடியில் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. எபிடெமிக் சவுண்ட் போன்ற இசை நூலகங்களுக்குச் சந்தா கட்டுபவர்கள் தங்கள் சேனலை அங்கே இணைத்துவிட்டால், அந்தச் சேனலில் அந்த இசைக்கு உரிமை கோரப்படாது. அதனால் அவருடைய காணொளியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே ஒலியை வேறொரு சேனலில் போட்டால் கோரல் வந்து நிற்கும். பின்னால் நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது.

கொமெண்ட்டில் தேடுவது

யூடியூப்பில் பிறருடைய காணொளியின் கொமெண்ட்டுக்குள் தேடுவதற்குப் பெட்டி எதுவும் இல்லை. கணினியில் திறந்து, கொமெண்ட்டுகள் எல்லாம் இறங்கும்வரை கீழே உருட்டி, பிறகு `Ctrl+F` அழுத்தித் தேட வேண்டும். உருட்டாமல் தேடினால் ஏற்கெனவே இறங்கியவற்றில் மட்டும்தான் தேடும். "இல்லை" என்று அது சொல்வதை நம்ப முடியாது. வரிசையை `Newest first` என்று மாற்றிக்கொள்ளுங்கள். லைக் வாங்காத சின்னக் கொமெண்ட்டுகளில்தான் இந்த விஷயம் கிடக்கும்.

எந்தச் சொல்லைத் தேடுவது? `song`, `music`, `bgm`, `track` என்று எல்லோரும் தேடுவார்கள். நம் ஊர்க் காணொளிகளுக்கு அது போதாது. கொழும்புக் காணொளி ஒன்றின் கீழே மூன்று மொழிகளும், அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிய வடிவங்களும் கலந்து கிடக்கும். `sinduwa` என்றும் `paattu` என்றும் தேடுங்கள். பிறகு தமிழ் எழுத்திலும் சிங்கள எழுத்திலும் ஒருமுறை பாருங்கள்.

இதைவிடப் பலன் தருவது நேரத்தைத் தேடுவது. இசையைக் கேட்டு மயங்கியவர் "இது என்ன?" என்று கேட்கும்போது, அந்த விநாடியையும் சேர்த்து எழுதுவதுதான் வழக்கம். நான் `4:1` என்று தேடினேன், பிறகு `4:2`. முதல் தேடலில் 4:15-ஐக் குறிப்பிட்டு கடலைப் புகழ்ந்த ஒருவர் கிடைத்தார். இரண்டாவதில் "4:22 bgm?" என்று ஒரு கேள்வியும், அதன் கீழே ஐந்து பதில்களும் இருந்தன.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பதில்கள் மடிந்து கிடக்கும். நீங்கள் திறக்கும்வரை `Ctrl+F`-க்கு அவை தெரியாது. கேள்வியைக் கண்டதும் பதில்களை விரித்துப் படியுங்கள். சேனல்காரரே எழுதிய பதிலில் அவருடைய பெயர் தனி நிறத்தில் தெரியும். முதலில் அதைத் தேடுங்கள். மற்றவர்கள் எழுதியதைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

என்னுடைய ஐந்து பதில்கள் இப்படி இருந்தன. இரண்டு பேர் "எனக்கும் வேணும்" என்றார்கள். ஒருவர் "Darude - Sandstorm" என்று எழுதியிருந்தார். இது இணையத்தின் பழைய பகிடி. 1999-இல் வந்த அந்த டிரான்ஸ் பாட்டின் பெயரை, யார் எந்த இசையின் பெயரைக் கேட்டாலும் பதிலாகச் சொல்வார்கள். தெரியாதவர்கள் போய்க் கேட்டுத் திடுக்கிடுவார்கள், கொள்ளுப்பிட்டி நிலையத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல் போவதைப் பார்த்தது மாதிரி. நான்காமவர் `satie` என்று ஒரே சொல் எழுதியிருந்தார். ஐந்தாமவர், "ஏதோ லோஃபி மிக்ஸில் கேட்டிருக்கிறேன், பெயர் மறந்துவிட்டது" என்றார். லோஃபி என்பது மெதுவான தாளமும் பழைய இசைத்தட்டுக் கரகரப்பும் சேர்த்துச் செய்யும் இசை. கடைசி இரண்டு பதில்களும் தனித்தனியே பயனற்றவை. இரண்டையும் எழுதி வைத்தேன்.

அப்படியே அந்தச் சேனலின் பழைய காணொளிகள் நான்கைந்தின் டிஸ்கிரிப்ஷனையும் பாருங்கள். ஒருவருக்கு ஓர் இசை பிடித்தால் திரும்பத் திரும்பப் போடுவார். புதிதில் பெயரைப் போடச் சோம்பல்பட்டவர் பழையதில் ஒழுங்காகப் போட்டிருக்கக்கூடும். எனக்கு இது உதவவில்லை, ஆனால் இரண்டு நிமிட வேலைதான்.

கிளிப்பை எடுப்பது

இனி அந்த ஒலியை நாமே அப்லோட் செய்து, கன்டென்ட் ஐடியைப் பேச வைக்கப் போகிறோம்.

போனில் திரையைப் பதிவு செய்யும் வசதி இருக்கும். அதில் ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கும்போது மைக்கைத் தேர்ந்தெடுக்காமல் போனின் உள் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மைக்கில் எடுத்தால் மின்விசிறியும் காலி வீதி ஹோர்னும் சேர்ந்துவிடும். ஒப்பிடும் இயந்திரத்துக்கு அது தொல்லை. வேகத்தை மாற்றாதீர்கள். பேச்சில்லாத பகுதியாக 30 முதல் 60 விநாடி போதும். என்னுடையது 4:18 முதல் 5:03 வரை, 45 விநாடி.

படத்தை நீக்கிவிட்டு கறுப்புத் திரையை வையுங்கள். கோரல் ஒலிக்கு மட்டுமல்ல, காட்சிக்கும் வரலாம். படத்தையும் சேர்த்து அனுப்பினால், "இந்தக் காட்சி இன்னாருடையது" என்ற பதில் வந்து குழப்பக்கூடும். போனில் எந்த எடிட்டிங் செயலியிலும் ஒரு கறுப்புப் படத்தை வைத்து ஒலியை மேலே போடலாம். கணினியில் `ffmpeg` என்ற இலவசக் கருவி இருந்தால் ஒரே வரிதான்:

```
ffmpeg -f lavfi -i color=c=black:s=1280x720 -ss 4 -t 45 -i rec.mp4 -map 0:v -map 1:a -shortest out.mp4
```

இதில் `rec.mp4` திரையைப் பதிவு செய்த கோப்பு. `-ss 4` என்பது அதன் நான்காவது விநாடியிலிருந்து, `-t 45` என்பது 45 விநாடி.

தனிப்பட்ட அப்லோட்

உங்கள் வழக்கமான சேனலில் செய்யாதீர்கள். இதற்கென்று ஒரு சேனல் திறந்துகொள்ளுங்கள். அது எந்த இசை நூலகத்தோடும் இணைக்கப்படாததாக இருக்க வேண்டும். இணைத்திருந்தால் கோரல் வராது, முழு முயற்சியும் வீண். நான் முதல் தடவை செய்த பிழை இதுதான். எடிட்டிங் வேலைக்காக நான் சந்தா கட்டும் சேனலிலேயே போட்டுவிட்டு, "ஒன்றும் இல்லை" என்ற பதிலைப் பார்த்து அரை நாள் வேறு எங்கெங்கோ தேடினேன்.

`studio.youtube.com`-இல் நுழைந்து கோப்பை அப்லோட் செய்யுங்கள். தலைப்பு, சிறுவருக்கானதா என்ற கேள்வி எல்லாம் தாண்டியதும் `Checks` என்று ஒரு கட்டம் வரும். அங்கே காப்புரிமைச் சோதனை ஓடும். முடியும்வரை காத்திருங்கள். அடுத்த கட்டத்தில் `Private` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது.

கோரல் வந்தால் சேனலுக்கு ஆபத்தா என்று பயப்படுவார்கள். கன்டென்ட் ஐடி கோரல் வேறு, சேனலுக்குத் தண்டனையாக விழும் ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பினால்தான் ஸ்ட்ரைக் விழும். இயந்திரம் தானாகக் கண்ட பொருத்தத்தால் விழாது. சில சமயம் காணொளி தடுக்கப்பட்டது என்று வரும். அப்போதும் விவரத்தில் பாட்டின் பெயர் இருக்கும், நமக்கு அதுவே போதும்.

சோதனை எதையாவது பிடித்தால் `See details` என்பதை அழுத்துங்கள். பிடிபட்டதன் பெயர், உங்கள் கிளிப்பில் எந்த விநாடியிலிருந்து எதுவரை பொருந்தியது, கோருபவர் யார் என்று காட்டும். எனக்கு ஒரே ஒரு கோரல் வந்தது: ஒரு பியானோக் கலைஞர் வாசித்த, எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் ஜிம்னோபெடி, எண் 1. பொருத்தம் 0:03-இல் தொடங்கி 0:41-இல் முடிந்தது.

கொமெண்ட்டில் யாரோ எழுதிய `satie` சரியாகிவிட்டது. வேலை முடிந்தது என்று மணப்பெண்ணுக்குத் தகவல் அனுப்பப் போனேன். அனுப்பவில்லை, நல்ல காலம்.

கோரலை நம்பலாமா

கோரல் சொல்வது "உங்கள் ஒலியும் என்னிடம் உள்ள இந்தப் பதிவும் ஒத்துப்போகின்றன" என்பதை மட்டுமே. அது நீங்கள் தேடும் பதிவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 2018-இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ் பியானோக் கலைஞர் வீட்டில் தானே வாசித்த பாக் இசையை பேஸ்புக்கில் போட்டார். அதில் 47 விநாடி தங்களுடையது என்று ஒரு பெரிய இசை நிறுவனத்தின் பெயரில் கோரல் வந்தது. பாக் இறந்தது 1750-இல். வாசித்தது ரோட்ஸின் கை. ஒரே இசைக்குறிப்பைப் பலர் வாசிக்கும் செவ்வியல் இசையில் இப்படி நடப்பது புதிதல்ல.

சாட்டி 1888-இல் எழுதிய ஜிம்னோபெடிகள் மூன்று. முதலாவதை எத்தனையோ பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் கோரலில் வந்த அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து, ரயில் காணொளியோடு பக்கத்தில் வைத்துக் கேட்டேன். கேட்கும்போது "மெட்டு ஒன்றுதானா" என்று கேட்காதீர்கள். மெட்டு ஒன்றாகத்தான் இருக்கும். வாசிப்பின் அடையாளங்களைக் கேளுங்கள்: எந்தச் சுரத்துக்கு முன் கலைஞர் சற்றுத் தயங்குகிறார், பியானோவின் மிதி எப்போது விடுபடுகிறது, பின்னணியில் என்ன சத்தம் இருக்கிறது.

தயக்கங்கள் ஒன்றாக இருந்தன. அது அதே கலைஞரின் அதே வாசிப்புத்தான். ஆனால் அவருடைய பதிவில் தாளமே இல்லை. ரயில் காணொளியிலோ அடியில் டிரம்ஸ் இருக்கிறது, பழைய இசைத்தட்டு கரகரப்பும் இருக்கிறது. பொருத்தம் 0:41-இல் முடிந்ததற்கும் காரணம் புரிந்தது: அங்கே பியானோ நின்று தாளம் மட்டும் நான்கு விநாடி தொடர்கிறது.

அதாவது யாரோ இந்தப் பியானோப் பதிவை வெட்டி எடுத்து, மேலே தாளம் வைத்து, ஒரு லோஃபி பாட்டாக்கியிருக்கிறார்கள். கோரல் பிடித்தது உள்ளே இருக்கும் மூலத்தை. மணப்பெண் கேட்டதோ வெளியே இருக்கும் பாட்டை. ஐந்தாவது கொமெண்ட் எழுதியவர் சொன்ன "லோஃபி மிக்ஸ்" இப்போதுதான் உதவியது. `gymnopedie lofi` என்று தேடி, வந்தவற்றை ஒவ்வொன்றாக என் தாளில் உள்ள விநாடிகளோடு ஒப்பிட்டேன். பலவற்றில் வேறு யாரோ வாசித்த பியானோ. முதல் தயக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்பதாவதில் டிரம்ஸும் கரகரப்பும், பியானோ நிற்கும் இடமும் பொருந்தின. நடுவில் ரயில் ஹோர்ன் மட்டும் இல்லை. அது இருந்திருந்தால்தான் பிரச்சினை.

உறுதி செய்ய இன்னொரு வழியும் உண்டு. கண்டுபிடித்த பாட்டின் அதே 45 விநாடியைக் கறுப்புத் திரையில் வைத்து மறுபடி அப்லோட் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே கோரல், ஏறக்குறைய ஒரே விநாடிகளில் வந்தால் நல்லது. எனக்கு அப்படியே வந்தது.

கோரல் வராவிட்டால்

பல காரணங்கள் இருக்கலாம். யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளேயே `Audio library` என்று ஓர் இலவச நூலகம் உண்டு. அங்கிருந்து எடுத்த இசைக்குக் கோரல் வராது. அப்படிச் சந்தேகம் வந்தால் அந்த நூலகத்தில் இசையின் வகையையும் மனநிலையையும் வைத்து வடிகட்டிக் கேட்டுப் பார்க்கலாம், சலிப்பான வேலைதான். அந்தக் காணொளிக்காகவே யாரோ இசையமைத்திருந்தால் எந்த இயந்திரமும் சொல்லாது. சேனல்காரரிடம் விநாடியைக் குறிப்பிட்டுக் கேட்பது ஒன்றே வழி. பெயரைக் கேட்டு மொட்டையாக எழுதாமல், "4:12-இல் வருவது" என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

வேகம் மாற்றிய இசை இன்னொரு காரணம். மெதுவாக்கி எதிரொலி சேர்த்த பாட்டுகள் இப்போது ஏராளம். குரல் இயல்பை விடத் தடித்து இழுபட்டால் சந்தேகியுங்கள். 0.8 மடங்கு மெதுவாக்கிய பாட்டை 1.25 மடங்கு வேகமாக்கினால் மூலம் திரும்பிவிடும். யூடியூப்பின் வேகப் பொத்தான் இதற்கு உதவாது; அது வேகத்தை மட்டும் மாற்றி சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து மாற்றும் வசதி ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இருக்கிறது. மாற்றிய கிளிப்பை மறுபடி அப்லோட் செய்து பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்று சோதனை சொன்னால், அந்த இசையை இலவசமாகப் பாவிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. உரிமையாளர் தன் பதிவை அந்த முறையில் சேர்க்காமல் இருந்திருக்கலாம், பிறகு சேர்க்கவும் கூடும்.

எங்கள் விஷயத்தில் அனுமதிக் கணக்கு இரட்டிப்பாகியது. சாட்டி 1925-இல் காலமானவர். அவருடைய மெட்டுக்கு இப்போது யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்தப் பியானோ வாசிப்பு வேறொருவரின் பதிவு. தாளம் வைத்தவர் மூன்றாவது ஆள். மணப்பெண்ணிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கட மாமாட மகள் பியானோ வாசிப்பாள் அண்ணா, அவளை வாசிக்கச் சொல்லட்டா?" என்றார். தெஹிவளையில் ஒரு வீட்டு மொட்டை மாடி அறையில், ரயில் போகாத நேரம் பார்த்துப் பதிவு செய்தோம். மூன்றாவது டேக்கில் சரி வந்தது. சோதனைச் சேனலில் இருந்த இரண்டு கறுப்புக் காணொளிகளையும் அன்றிரவே அழித்துவிட்டேன்.